கல்லாவில் எடுப்பது சம்பளமா?

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நாமே கற்பனை செய்துகொண்ட கடை. ஆண்டின் தொடக்கத்தில் அதில் அண்ணாச்சியின் முதல் 5,00,000 ரூபாய். வாடகை, கடைப் பையன்களின் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் போக அந்த ஆண்டின் நிகர லாபம் 4,20,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கென்று மாதம் 25,000 ரூபாய் கல்லாவிலிருந்து எடுக்கிறார். ஆண்டுக்கு 3,00,000 ஆகிறது. அதை நோட்டில் ‘முதலாளி சம்பளம்’ என்று செலவில் எழுதிவிடுகிறார். லாபம் 1,20,000 ஆகச் சுருங்கிவிடுகிறது.

சம்பளம் என்றால் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர். தனியுரிமைக் கடையில் இரண்டும் அண்ணாச்சிதான். கடைக்கென்று தனி பான் எண்கூடக் கிடையாது. தனக்குத் தானே சம்பளம் கொடுத்துச் செலவு காட்ட வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அவருடைய வியாபார வருமானம் 4,20,000 ரூபாய்தான். கல்லாவில் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்தாலும் அதே தொகைதான். கடைப் பையனின் சம்பளம் அப்படியல்ல. அது லாப நட்டக் கணக்கில் செலவாக ஏறி லாபத்தைக் குறைக்கும்.

முதலாளி எடுப்பதற்குப் பெயர் ‘எடுப்பு’. பணம் எடுக்கும்போது எடுப்புகள் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு. வீட்டுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோனாலும் எடுப்புதான். ஆனால் அங்கே ரொக்கத்துக்குப் பதில் கொள்முதல் கணக்கில் வரவு வைக்க வேண்டும், அதுவும் விற்கும் விலைக்கல்ல, வாங்கிய விலைக்கு. ஆண்டு முடிவில் மொத்த எடுப்பையும் முதலில் கழிப்பார்கள். அண்ணாச்சி கொண்டுபோன சாமான் 20,000 ரூபாய் என்றால், இருப்புநிலைக் குறிப்பில் 5,00,000 முதலுடன் 4,20,000 லாபத்தைக் கூட்டி, 3,20,000 எடுப்பைக் கழித்து, 6,00,000 ரூபாய் என்று நிற்கும்.

இனி அவர் எழுதிய தவறான கணக்கைப் பாருங்கள். 5,00,000 முதலுடன் 1,20,000 லாபத்தைக் கூட்டி, சாமானுக்கு 20,000 கழித்தாலும் அதே 6,00,000 வருகிறது! இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் சரியாக நிற்பதால் தவறு கண்ணில் படுவதில்லை. அதைப் பிடிக்க லாப நட்டக் கணக்கைத் திறந்து, சம்பளத் தலைப்பில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

‘என் உழைப்புக்குக் கூலியே இல்லையா?’ என்று அண்ணாச்சி கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதே வேலையை வெளியில் பார்த்தால் மாதம் 20,000 கிடைக்கும் என்றால், ஆண்டுக்கு 2,40,000. அதை லாபத்தில் கழித்தால் மிஞ்சும் 1,80,000தான் போட்ட முதலுக்கும் ஏற்ற இடருக்கும் கிடைத்த பலன். கடையைத் தொடரலாமா என்று யோசிக்க இந்தக் கணக்கு உதவும். ஆனால் அதைத் தனித்தாளில் போட்டுப் பாருங்கள், பேரேட்டில் ஏற்றாதீர்கள்.

ஆண்டு முடிவில் இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாகப் பணம் எதுவும் போடாத நிலையில், லாபத்தைவிட எடுப்பு கூடினால் இறுதி முதல் தொடக்க முதலைவிடக் குறையும். அந்த ஆண்டு வீடு சாப்பிட்டது லாபத்தை மட்டுமல்ல, முதலையும்தான்.