ஜாமீன் போட்டவருக்கு ஒரு செய்தி: மிரட்டாமல், மறைக்காமல் எழுதுவது எப்படி?

கொங்கு நாட்டில் ஜாமீன் கையெழுத்து பெரும்பாலும் பேங்கில் முடிவாவதில்லை. காது குத்து விசேஷத்திலோ, சீர் கொண்டு போன வீட்டிலோ முடிவாகிவிடுகிறது. “மாமா, ஒரு கையெழுத்துதானுங்க” என்று மருமகன் கேட்டால், தாய்மாமன் காகிதத்தைப் படித்தா பார்ப்பார்? போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்தக் கடனின் ஞாபகமே அவருக்கு இருக்காது. தவணை நின்று, பேங்கிலிருந்து செய்தி வரும் அன்றுதான் ஞாபகம் வரும்.

அந்த முதல் செய்தி எப்படி எழுதப்படுகிறது என்பதில் கடனும் உறவும் சேர்ந்தே தொங்குகின்றன. கடுமையாக எழுதினால் மாமா கோபத்தில் போனையே எடுக்க மாட்டார். மழுப்பி எழுதினால் விஷயத்தின் கனம் புரியாமல் விட்டுவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதை ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்க்கலாம்.

சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கூலிக்கு நெய்பவர். தறி வாங்க பேங்கில் 5 லட்சம் ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 60 தவணை. மாதம் 11,122 ரூபாய், ஒவ்வொரு 5-ம் தேதியும் கட்ட வேண்டும். 18 தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டார். நூல் கொடுக்கும் வியாபாரியிடம் கூலி நின்றுபோனதால் ஜூன், ஜூலை தவணைகள் தவறிவிட்டன. நிலுவை 22,244 ரூபாய். மீதி அசல் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். ஜாமீன் போட்டவர் அவருடைய தாய்மாமன். ஜூலை 14 அன்று கிளையின் கடன் அலுவலர் அவருக்கு எழுத உட்காருகிறார்.

கையில் வந்த முதல் வரிகள்

அவசரத்தில் எழுதினால் இப்படித்தான் வரும்:

“உங்கள் மருமகன் எங்கள் வங்கியில் வாங்கிய கடனைக் கட்டாமல் ஏமாற்றி வருகிறார். ஜாமீன் போட்ட நீங்கள் முழுத் தொகையையும் உடனே கட்ட வேண்டும். தவறினால் உங்கள் சொத்துகள் ஜப்தி செய்யப்படும். இதுவே இறுதி எச்சரிக்கை.”

நான்கே வாக்கியம். நான்கிலும் ஒரு பிழை இருக்கிறது, தொனியில் மட்டுமல்ல, உண்மையிலும்.

“ஏமாற்றி” என்பது அலுவலரின் ஊகம். தவணை வரவில்லை என்பதுதான் அவருக்குத் தெரிந்த உண்மை. ஏன் வரவில்லை என்று இன்னும் யாரும் கேட்கவே இல்லை. அதோடு, அந்த ஒரு சொல் மாமாவை மருமகனுக்கு வக்கீலாக்கிவிடும். அதன் பிறகு பேச்சு கடனைப் பற்றி இருக்காது, குடும்ப மானத்தைப் பற்றித்தான் இருக்கும்.

“முழுத் தொகை” என்பதும் சரியில்லை. இன்றைக்குக் கெடு தாண்டியது 22,244 ரூபாய். மீதி 3.80 லட்சத்தையும் ஒரே தடவையில் கேட்க வேண்டுமானால், ஒப்பந்தப்படி பேங்க் முதலில் கடனைத் திரும்பக் கேட்டு முறையான அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். இங்கே அது நடக்கவில்லை.

“ஜப்தி” இதைவிடத் தவறு. இந்த மாமா எந்தச் சொத்தையும் அடமானம் வைக்கவில்லை, தன் பெயரில் பொறுப்பு மட்டுமே ஏற்றார். அவருடைய வீட்டையோ தோட்டத்தையோ தொட வேண்டுமானால் பேங்க் வழக்குப் போட்டு, ஆணை வாங்க வேண்டும். ஒரு செல்போன் செய்தியால் அது ஆகாது.

“இறுதி எச்சரிக்கை”? இதற்கு முன் அவருக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. முதல் செய்தியே எப்படிக் கடைசியாகும்?

மழுப்பலும் ஆபத்துதான்

இதைப் படித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லீங்க, சும்மா ஒருநாள் கிளைப் பக்கம் வாங்க, ஒரு காபி சாப்பிட்டுட்டு பேசிக்கலாம்” என்று மாற்றினால் சரியாகிவிடுமா? ஆகாது. ஒண்ணுமில்லை என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவரிடம் ஒப்பந்தத்தை நீட்டினால் அவர் அடுத்த முறை வர மாட்டார்.

உண்மை என்னவென்றால், ஜாமீன் பொறுப்பு கனமானது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. “முதலில் அவனிடம் வசூல் பண்ணுங்க, முடியாவிட்டால் என்னிடம் வாங்க” என்று பலரும் சொல்வதுண்டு. பீகார் வங்கிக்கும் தாமோதர் பிரசாத்துக்கும் இடையிலான வழக்கில் கீழ்க் கோர்ட்டும் அப்படித்தான் நிபந்தனை போட்டது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. கடன்காரரிடம் எல்லா வழியையும் முயன்று பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே தீர்ப்பு. அதனால் செய்தியில் பொறுப்பை ஒரு வரியில் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஒரு வரி போதும், நான்கு தடவை சொன்னால் அது மிரட்டலாகிவிடும்.

தேதி ஏன் முக்கியம்?

ஒரு தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தக் கணக்கு வாராக் கடன் பட்டியலுக்குப் போகும். ஜூன் 5 தவணைக்கு அந்த நாள் செப்டம்பர் 3. அதற்குப் பிறகு கிளை அலுவலரின் கையில் இருக்கும் நெளிவு சுளிவு குறைந்துவிடும். ஜாமீன் போட்ட கடன், போட்டவரின் கடன் வரலாற்று அறிக்கையிலும் தெரியும் என்பதால், மாமா நாளைக்குத் தன் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டாலும் இது குறுக்கே வந்து நிற்கும். ஆகவே ஜூலை 14-ல் எழுதும் செய்திக்கு ஒரு பலம் உண்டு: இன்னும் ஏழு வாரம் கையில் இருக்கிறது. “உடனே” என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்தத் தேதியை எழுதினால் போதும். சொல் பயமுறுத்துவதைவிடத் தேதி நன்றாகவே வேலை செய்யும்.

திருத்திய செய்தி

“வணக்கம் ஐயா. சோமனூர் கிளையின் கடன் அலுவலர் எழுதுகிறேன். உங்கள் மருமகனின் தறிக் கடனுக்கு (கணக்கு எண் முடிவு 4172) நீங்கள் ஜாமீன் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். 18 தவணைகள் ஒழுங்காக வந்துள்ளன. ஜூன் 5, ஜூலை 5 தவணைகள் இரண்டும், தாமதக் கட்டணம் தவிர்த்து 22,244 ரூபாய், இன்று வரை வரவில்லை. ஒப்பந்தப்படி இதில் உங்களுக்கும் பொறுப்பு இருப்பதால் நேரில் பேச விரும்புகிறோம். செப்டம்பர் 3-க்குள் சரி செய்தால் கணக்கு வாராக் கடனாகாது. ஜூலை 18 அல்லது 21, காலை 11 மணிக்கு மருமகனுடன் கிளைக்கு வர முடியுமா? வேறு நாள் வசதி என்றால் சொல்லுங்கள். கணக்கு விவரமும் ஜாமீன் பத்திர நகலும் எடுத்து வைக்கிறோம். அன்று பணமோ கையெழுத்தோ தர வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பாஸ்புக்கில் உள்ள கிளை எண்ணுக்கே கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம்.”

இதில் மாறியது என்ன? குறை சொல்வதற்கு முன் 18 தவணை வந்த விவரம் வருகிறது. அது புகழ்ச்சி இல்லை, கணக்கு. ஆனால் படிப்பவருக்கு மருமகன் ஓடிப்போகிறவன் இல்லை என்று புரிந்துவிடும். “கட்டுங்கள்” இருந்த இடத்தில் “வர முடியுமா?” வந்திருக்கிறது. இரண்டு நாள் கொடுத்து, மூன்றாவதற்கும் இடம் விட்டிருப்பதால் அது உத்தரவாகத் தெரியாது. “பணமோ கையெழுத்தோ வேண்டாம்” என்ற வரிதான் மாமாவை வீட்டை விட்டுக் கிளம்ப வைக்கும். போய் உட்கார்ந்ததும் ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்களோ என்பதுதானே பலருடைய பயம்! அந்த வரியை எழுதினால் அன்றைக்கு அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

கடைசி வரியும் தேவையானது. கடன் பெயரைச் சொல்லி மோசடி லிங்க் வரும் காலம் இது. உண்மையான செய்தியில் பணம் கட்டும் லிங்க் எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

யாருக்கு, எப்போது அனுப்புவது?

செய்தி ஜாமீன்தாரரின் சொந்த எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும். அவருடைய மனைவிக்கோ மகனுக்கோ, பங்காளிகள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கோ போகக் கூடாது. வசூலுக்காகப் பொது இடத்தில் அவமானப்படுத்துவதையும், குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி தடுத்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. கடன் வாங்கியவருக்கும் அன்றே, “உங்கள் மாமாவுக்குத் தகவல் சொல்லியிருக்கிறோம்” என்று ஒரு வரி அனுப்பினால், அவர் வேறு வழியாகக் கேள்விப்பட்டுக் கொதிக்க மாட்டார்.

பேச்சில் என்ன முடிவாகும்?

மாமாவைக் கூப்பிடுவது மரியாதைக்காக மட்டுமில்லை, பேங்கின் பாதுகாப்புக்காகவும்தான். ஒப்பந்தச் சட்டத்தின் 133, 135 பிரிவுகளின்படி, ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினாலோ, கடன்காரருக்கு அவகாசம் தர ஒப்பந்தம் செய்தாலோ, ஜாமீன்தாரர் பொறுப்பிலிருந்து விடுபட வாய்ப்பு உண்டு. பல பேங்க் பத்திரங்களில் இதற்கு முன்கூட்டியே சம்மதம் எழுதி வாங்கியிருப்பார்கள். அப்படி இருந்தாலும், அவரையும் உட்கார வைத்துப் பேசினால் பின்னாளில் வாதம் வராது.

நம் உதாரணத்தில், வியாபாரி ஆகஸ்ட் 10-க்குள் கூலி பாக்கியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் தவணையை மருமகன் இப்போதே புரட்டிக் கட்டுவது, மற்றதைக் கூலி வந்ததும் கட்டுவது, வராவிட்டால் ஒரு தவணையை மட்டும் மாமா கட்டுவது என்று முடிவாகலாம். மாமா கட்டினால் தன் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டி, தன் பெயரில் ரசீது வாங்க வேண்டும். ஜாமீன்தாரர் முறைப்படி கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையை 145-வது பிரிவு தருகிறது. கையில் ரொக்கமாகக் கொடுத்து, “நீயே கட்டிடு சாமி” என்றால் அந்த உரிமைக்குச் சாட்சி இருக்காது.

பேசிய அன்று மாலையே அலுவலர் இருவருக்கும் யார், எவ்வளவு, எந்தத் தேதி என்று மூன்று வரியில் எழுதி அனுப்பினால் ஞாபகப் பிசகு வராது. அதில் புதிதாக எந்த வாக்குறுதியும் இருக்கக் கூடாது, பேசியது மட்டும்தான்.

இத்தனைக்கும் பதில் வராவிட்டால்? நான்கைந்து நாள் கழித்து, அனுமதிக்கப்பட்ட நேரத்தில் ஒரு போன். அதற்கும் பதில் இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் முறையான அறிவிப்பு. அப்போது கடுமையான வார்த்தைகளுக்கு இடம் உண்டு, அவை உண்மையாகவும் இருக்கும். வாட்ஸ்அப் செய்தி அந்த அறிவிப்புக்குப் பதிலாக ஆகாது. அந்த அறிவிப்பு அனுப்ப வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.