0/0 வந்தால் கணக்கு முடியவில்லை

பிளஸ் ஒன் டியூஷனில் எல்லைக் கணக்குகளை இந்த வரிசையில் கொடுத்தால், ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிவிடும்.

முதல் கணக்கு: x→2 எனில் x²+3x. நேராகப் பிரதியிடலாம்: 4+6=10.

இரண்டாவது: x→3 எனில் (x²−9)/(x−3). பிரதியிட்டால் 0/0. பல மாணவர்கள் இங்கேயே 'விடை 0' என்று எழுதிவிடுகிறார்கள். 0/0 விடையல்ல; மேலும் கீழும் ஒரு பொதுக் காரணி ஒளிந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். தொகுதியை (x−3)(x+3) என்று பிரித்து, x−3ஐ நீக்கினால் x+3 மிஞ்சும். விடை 6. x என்பது 3ஐ நெருங்குகிறதே தவிர 3 ஆவதில்லை. அதனால்தான் நீக்க முடிகிறது.

மூன்றாவது: x→0 எனில் (√(x+4)−2)/x. இங்கே காரணி வெளியே தெரியாது. மேலும் கீழும் √(x+4)+2 ஆல் பெருக்கினால் தொகுதி x ஆகிவிடும். அதை நீக்கினால் 1/(√(x+4)+2). விடை 1/4.

நான்காவது: x→0 எனில் (1−cos x)/x². இதிலும் அதே உத்திதான். 1+cos x ஆல் பெருக்கினால் (sin x/x)² × 1/(1+cos x). sin x/x இன் எல்லை 1 என்பதால் விடை 1/2.

விடையைச் சரிபார்க்க கால்குலேட்டரில் x=0.1 போடுங்கள். 0.4996 வந்தால் சரி. 0.00015 வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது, ரேடியனுக்கு மாற்றுங்கள்.