நிகழ்நேர பாலிமரேசு தொடர்வினையும் வைரசு கண்டறிதலும்

நிகழ்நேர பாலிமரேசு தொடர்வினை என்பது, ஒரு மாதிரியில் குறிப்பிட்ட மரபணுத் துண்டு உள்ளதா என்பதை, அத்துண்டைப் பலமுறை நகலெடுத்து, நகல்கள் பெருகும்போதே அளந்து கண்டறியும் ஆய்வக முறையாகும். கோவிட்-19 தொற்றைக் கண்டறிய இம்முறை பரவலாகப் பயன்பட்டது. இதன் அடிப்படையான பாலிமரேசு தொடர்வினையை உருவாக்கிய கேரி முல்லிசு 1993-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

செயல்முறை

கோவிட்-19 வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். இச்சோதனையில் நகல்களைப் பெருக்கும் பாலிமரேசு நொதி டி.என்.ஏ.வையே நகலெடுக்கும். எனவே, மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் உள்ள ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, வேறொரு நொதியால் முதலில் டி.என்.ஏ.வாக மாற்றப்படுகிறது.

பின்னர் மாதிரியைச் சுமார் 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரிகின்றன. சுமார் 60 பாகைக்குக் குளிர்வித்ததும், தொடக்கிகள் எனப்படும் சிறு டி.என்.ஏ. துண்டுகள் வைரசுக்கே உரிய வரிசையில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து பாலிமரேசு நொதி புதிய இழையை வளர்க்கிறது. இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் ஏறத்தாழ இரட்டிப்பாகின்றன. வழக்கமாக 40 சுற்றுகள் நடத்தப்படும்.

தொடக்கிகளுக்கு இடையில் துருவி என்னும் மற்றொரு துண்டும் ஒட்டுகிறது. அதன் ஒரு முனையில் ஒளிரும் மூலக்கூறும், மறுமுனையில் அவ்வொளியை அடக்கும் மூலக்கூறும் உள்ளன. நொதி நகலெடுத்துக்கொண்டே வந்து துருவியை வெட்டும்போது இரண்டும் பிரிந்து ஒளி வெளிப்படுகிறது. கருவி இதை ஒவ்வொரு சுற்றிலும் அளந்து வளைகோடாக வரைகிறது.

வளைகோடு காட்டுவது

வளைகோடு முதலில் தட்டையாக இருக்கும். பின் செங்குத்தாக ஏறும். வினைப்பொருள்கள் குறைந்ததும் மீண்டும் தட்டையாகும். ஒளிர்வு ஒரு குறித்த அளவைக் கடக்கும் சுற்றின் எண்ணே சி.டி. மதிப்பு எனப்படுகிறது.

ஒரு மாதிரி 18-ஆம் சுற்றிலும், மற்றொன்று 28-ஆம் சுற்றிலும் அவ்வளவைக் கடப்பதாகக் கொள்வோம். 40-ஆம் சுற்றின் முடிவில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளிரும். ஆனால் 10 சுற்று வேறுபாடு என்பது 10 முறை இரட்டிப்பு. அதாவது முதல் மாதிரியில் தொடக்கத்தில் சுமார் 1,000 மடங்கு அதிக வைரசு ஆர்.என்.ஏ. இருந்தது.

பிழைகளை அறிதல்

ஒரு மாதிரிக்குக் கருவி 37 என்ற மதிப்பைத் தந்தாலும், வளைகோடு செங்குத்தாக ஏறாமல் நேர்கோடாக மெல்ல உயர்ந்தால், அது துருவி சிதைந்ததால் தோன்றிய போலி ஒளிர்வாக இருக்கலாம். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். மரபுப்பொருள் எதுவும் சேர்க்காத ஒப்பீட்டுக் குழாயிலும் வளைகோடு ஏறினால், மாசு கலந்திருக்கக்கூடும். வைரசு மரபணுவுடன் மனித மரபணு ஒன்றும் சோதிக்கப்படுகிறது. இரண்டுமே ஏறாவிட்டால் அது 'தொற்று இல்லை' என்ற முடிவாகாது. மாதிரி சரியாக எடுக்கப்படவில்லை அல்லது வினை தடைபட்டது என்றே பொருள்.

வரம்புகள்

சி.டி. மதிப்பு மாதிரி எடுத்த விதத்தையும் சோதனைப் பெட்டகத்தையும் பொறுத்து மாறும். எனவே இரு ஆய்வகங்களின் மதிப்புகளை நேரடியாக ஒப்பிட இயலாது. உயிருள்ள வைரசு மறைந்த பின்பும் அதன் ஆர்.என்.ஏ. சில வாரங்கள் எஞ்சியிருக்கலாம். ஆகவே பிந்தி ஏறும் வளைகோடு ஒருவர் இன்னும் நோயைப் பரப்புகிறார் என்பதற்குச் சான்றாகாது.