சாயாமல் நிற்கும் இரண்டு சக்கர வண்டி

உள்ளங்கையில் ஒரு கம்பை நிமிர்த்தி நிறுத்தப் பார்த்திருக்கிறீர்களா? கம்பு சாயும் பக்கம் கையும் ஓடவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கம்பு கீழே! இரண்டே சக்கரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, நிமிர்ந்து நிற்கும் பொம்மை வண்டியும் இந்த வித்தையைத்தான் செய்கிறது. ஆனால் அதற்குக் கண் கிடையாது. தான் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறோம் என்று அது எப்படித் தெரிந்துகொள்கிறது?

வண்டியில் 'எம்.பி.யு.6050' என்ற சின்னஞ்சிறு சில்லு இருக்கிறது. அதற்குள் இரண்டு கருவிகள். ஒன்று ஆக்ஸிலரோமீட்டர்; மற்றொன்று ஜைரோஸ்கோப். இரண்டும் சாய்வைப் பற்றிச் சாட்சி சொல்கின்றன. இரண்டையுமே முழுக்க நம்ப முடியாது என்பதுதான் வேடிக்கை!

இரண்டு சாட்சிகள்

ஆக்ஸிலரோமீட்டர், பூமியின் ஈர்ப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும். அதிலிருந்து சாய்வைக் கணக்கிடலாம். வண்டி அசையாமல் நின்றால் அது சொல்வது சரி. ஆனால் மோட்டார் வண்டியை உந்தும்போது, அந்த உந்தலையும் அது ஈர்ப்போடு சேர்த்துக்கொள்கிறது. விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வேகம் கூடினால் போதும். நிமிர்ந்து நிற்கும் வண்டி 11.5 டிகிரி சாய்ந்துவிட்டதாகச் சொல்லும்!

ஜைரோஸ்கோப் உந்தலுக்கு அசைவதில்லை. அது சொல்வது சாய்வை அல்ல, சாயும் வேகத்தை. வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் சாய்வு கிடைக்கும். ஆனால் சும்மா இருக்கும்போதும் அது பூஜ்யம் காட்டுவதில்லை. விநாடிக்கு அரை டிகிரி தவறு என்றால், ஒரு நிமிஷத்தில் 30 டிகிரி பிசகு சேர்ந்துவிடும். வண்டி குப்புற விழவேண்டியதுதான்!

ஒரே வரிக் கணக்கு

முதல் சாட்சி கண நேரத்துக்கு உளறும். நீண்ட நேரத்துக்கு உண்மை பேசும். இரண்டாவது சாட்சி நேர்மாறு. அப்படியானால் கண நேரத்துக்கு ஜைரோவையும், நீண்ட நேரத்துக்கு ஆக்ஸிலரோமீட்டரையும் நம்பினால் என்ன? இதற்குத்தான் 'காம்ப்ளிமெண்டரி பில்டர்' என்று பெயர். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் வடிகட்டி இது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஷேன் கால்டன், இத்தகைய வண்டிகளுக்காக 2007-ல் இதை எளிமையாக விளக்கி எழுதினார். கணக்கு முழுவதும் ஒரே வரி:

```
angle = 0.98 * (angle + gyro * dt) + 0.02 * acc;
```

பழைய சாய்வோடு ஜைரோ சொல்லும் மாற்றத்தைக் கூட்டி, அதில் 98 பங்கு எடுத்துக்கொள். ஆக்ஸிலரோமீட்டர் சொல்லும் சாய்வில் 2 பங்கு சேர். இதை விநாடிக்கு 100 தடவை செய். `dt` என்பது 0.01 விநாடி. 2 கிலோபைட் நினைவு மட்டுமே உள்ள 'ஆர்டுவினோ ஊனோ'வின் மைக்ரோ கண்ட்ரோலருக்குக்கூட இது பெரிய சுமையல்ல.

பலனைப் பாருங்கள். ஜைரோவின் அரை டிகிரித் தவறு இப்போது சேர்ந்துகொண்டே போவதில்லை. கால் டிகிரியில் நின்றுவிடுகிறது. மோட்டார் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் உந்தினால், 11.5 டிகிரிப் பொய்யில் சுமார் 2 டிகிரிதான் உள்ளே நுழையும். ஆனால் உந்தல் அரை விநாடி நீடித்தால் 7 டிகிரிக்கு மேல் நுழைந்துவிடும். ஆக்ஸிலரோமீட்டரின் பங்கை 2-லிருந்து 1 ஆக்கினால் இந்தப் பொய் குறையும். ஆனால் ஜைரோவின் பிசகு இரட்டித்து அரை டிகிரி ஆகும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றை வாங்க வேண்டும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

மோட்டாரை நிறுத்திவிட்டு, வண்டியைக் கையால் சட்டென்று 30 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். திரையில் எண் உடனே 30-க்கு வந்து நின்றால் எல்லாம் சரி. முதலில் எதிர்ப்பக்கம் பாய்ந்து, பிறகு மெதுவாகத் திரும்பி வருகிறதா? ஜைரோவின் கூட்டல் கழித்தல் குறி தலைகீழாக இருக்கிறது. 15 வரை வந்து, பிறகு ஊர்ந்து ஊர்ந்து 30-க்குப் போகிறதா? கணக்கு 0.01 விநாடிக்கு ஒரு முறை நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணைத் திரைக்கு அனுப்புவதே பல சமயம் இந்தத் தாமதத்துக்குக் காரணம்.

இன்னொரு விஷயம். வண்டி நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாகத் திரும்பினால், எவ்வளவு திரும்பியது என்பதை இந்த முறை திருத்தித் தராது. எப்படித் திரும்பினாலும் ஈர்ப்பு கீழ் நோக்கியேதான் இருக்கும். அங்கே முதல் சாட்சி வாய் திறப்பதில்லை!