கடைவீதியில் கணினி – 17: ‘P-0147 சரி’

புதுக்கோட்டை கீழராஜவீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஆரி வொர்க் பிளவுஸ் தைக்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகூர்த்த மாதங்களில் கடைக்கார அக்காவின் வாட்ஸப்பில் படங்கள் வந்து குவியும். “அக்கா, மண்டபத்துல எல்லாரும் பிளவுஸைத்தான் கேட்டாங்க” என்று மணப்பெண்ணே ரிசப்ஷன் படத்தை அனுப்பிவைப்பார். தையல் கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது? தினமும் உட்கார்ந்து படம் ஏற்ற அக்காவுக்கு நேரமில்லை. “கூகுள் ஷீட்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டா, சாயங்காலம் ஏழு மணிக்கு அதுவே இன்ஸ்டாகிராம்ல போட்டுரும் அத்தை” என்கிறான் தம்பி மகன். போடும்தான். ஆனால் யாரைக் கேட்டுக்கொண்டு போடுவது?

மணப்பெண்ணை என்று சொல்லத் தோன்றும். அது பாதி பதில். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை எடுத்தவர்தான், அதில் இருப்பவர் அல்ல. தோழி தன் செல்போனில் எடுத்திருந்தால் படம் தோழியுடையது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்குப் பிரிவு 17 வேறு கணக்கு வைத்திருக்கிறது. மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்தவரே உரிமையாளர். கல்யாண ஆல்பத்தில் அது பெண்ணின் அப்பாவாக இருக்கலாம், மாப்பிள்ளை வீட்டாராகவும் இருக்கலாம். உரிமை தனக்கே என்று ஸ்டுடியோ முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தால் அதுவும் மாறும். ஆகவே அக்கா முதலில் கேட்க வேண்டியது, “போடட்டுமாம்மா?” அல்ல; “இது யார் எடுத்ததும்மா?”

எடுத்தவர் சரி சொன்னால் போதுமா என்றால், அதுவும் போதாது. 2007-ல் ஆஸ்திரேலியாவின் விர்ஜின் மொபைல் நிறுவனம் ஃபிளிக்கர் தளத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பேருந்து நிறுத்த விளம்பரமாக ஒட்டியது. படத்தில் இருந்தவர் அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி. எடுத்தவர் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தின் கீழ்தான் அதை ஏற்றியிருந்தார். அந்த மாணவியையோ வீட்டாரையோ யாரும் கேட்கவில்லை. கேலியான வாசகத்தோடு தங்கள் பெண்ணின் முகம் வேற்று நாட்டுத் தெருவில் தொங்குவதை அறிந்த குடும்பம் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்கத் தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று டெக்சாஸ் நீதிமன்றம் ஒதுக்கிவிட்டதால், கேட்காதது தவறா இல்லையா என்பது அங்கே முடிவாகவே இல்லை. நம் அக்காவுக்கோ வாடிக்கையாளரும் கடையும் ஒரே ஊர்.

எனவே ஷீட்டில் ‘எடுத்தவர் / உரிமையாளர்’, ‘படத்தில் இருப்பவர்’ என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியாக வேண்டும். படத்தில் குழந்தை இருந்தால் பெற்றோரின் சம்மதம். பின்னணியில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் தேடிப்போக முடியாது. படத்தை வெட்டி பிளவுஸை மட்டும் காட்டுவதே நல்லது.

வாடிக்கையாளர் தன் பக்கத்தில் கடையை டேக் செய்து பொதுவில் போட்ட படமென்றால் ஒரு சுருக்குவழி உண்டு. 2025 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த ‘ரீபோஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் போதும். அசல் அவர் கையிலேயே இருக்கும், அவர் நீக்கினால் இங்கும் மறைந்துவிடும். டேக் செய்துவிட்டாரே என்று படத்தை இறக்கிக் கடையின் சொந்தப் பதிவாக ஏற்றுவது வேறு சங்கதி. இன்ஸ்டாகிராமின் விதிகளில் பயனர் உரிமம் கொடுப்பது அந்த நிறுவனத்துக்கு, கடைகளுக்கு அல்ல.

அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 30. பயப்பட வேண்டாம், முத்திரைத்தாள் தேவையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் பிரிவு 4, மின்னணுப் பதிவையும் எழுத்தாக ஏற்கிறது. பின்னால் எடுத்துப் பார்க்கும்படி அது இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வாட்ஸப்பில் தானாக மறையும் செய்தி வசதியை வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த ‘சரி’ 90 நாளுக்குள் காணாமல் போய்விடும். வந்த அன்றே அதை ஷீட்டில் ஒட்டி, ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாமல் விட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். கல்யாணப் படத்துக்கு அது அதிகம். ஓராண்டு என்று கேட்பதே மரியாதை.

இத்தனையும் செய்த ஷீட் எங்கே கவிழும் தெரியுமா? யாரோ ஒருவர் பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசை மாற்றிவிடுவார். பெயர்கள் நகரும், அனுமதிக் கட்டத்தில் உள்ள ‘YES’ நின்ற இடத்திலேயே நிற்கும். மறுத்தவரின் பெயருக்கு எதிரே வேறொருவரின் ‘YES’ வந்து நிற்கும். ஷீட்டில் சிவப்பு விளக்கு எரியாது. அன்று சாயங்காலம் ஸ்கிரிப்ட் படத்தைப் போட்டுவிடும்.

இதற்கு நான் சொல்லும் வழி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணை வாடிக்கையாளரையே எழுதவைப்பது. அக்கா அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவுதான்: “வணக்கம்மா. நீங்க அனுப்புன இந்தப் படத்தை நம்ம கடை இன்ஸ்டாகிராம்ல ஒரு வருஷத்துக்குப் போட்டுக்கலாமா? சரின்னா ‘P-0147 சரி’ன்னு அனுப்புங்க. எப்ப வேணாம்னு சொன்னாலும் எடுத்துடுறோம்.” வந்த பதிலை எழுத்து மாறாமல் ஷீட்டில் ஒட்ட வேண்டும். ஸ்கிரிப்ட் ‘YES’ஸை மட்டும் நம்பாமல், பதிலுக்குள் அந்த வரிசையின் பட எண் இருக்கிறதா என்றும் பார்க்கும்:

```javascript
function canPost(r) {
  return r.photoId
    && r.status === 'YES'
    && r.reply.includes(r.photoId)
    && r.expiry > new Date()
    && !r.withdrawn
    && !r.postedId;
}
```

வரிசை கலைந்தால் எண் பொருந்தாது, படம் போகாது. முதல் நிபந்தனை வீண் என்று எடுத்துவிட வேண்டாம். பட எண் காலியாக இருந்தால் `includes` எதற்கும் தலையாட்டிவிடும். எண்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருப்பதற்கும் காரணம் உண்டு. P-14 என்று எழுதினால் அது P-147-க்குள்ளும் ஒளிந்திருக்கும். முடிவுத் தேதி தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாக உட்கார்ந்துவிட்டால் ஒப்பீடு பொய்யாகிப் படம் நின்றுவிடும். அது நல்லதே. சந்தேகம் வந்தால் போடாமல் இருக்கட்டும்.

எல்லாம் பொருந்தினால் ஸ்கிரிப்ட் இன்ஸ்டாகிராமுக்கு இரண்டு அழைப்புகள் விடும். முதலாவது `/media`, படத்தின் இணைய முகவரியையும் வாசகத்தையும் கொடுப்பதற்கு. இரண்டாவது `/media_publish`, வெளியிடுவதற்கு. கடையின் கணக்கு தொழில்முறைக் கணக்காகவும் படம் JPEG-ஆகவும் இருக்க வேண்டும். திரும்பி வரும் பதிவு எண்ணை உடனே `postedId` கட்டத்தில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் மறுநாளும் அதே படம் போகும்.

ஒரு வாரத்துப் படங்களை ஞாயிற்றுக்கிழமையே நேரம் குறித்து வைத்துவிடலாமே என்று தம்பி மகன் கேட்பான். கூடாது. வியாழன் மதியம் மணப்பெண், “அக்கா, மாமியார் வேணாங்கிறாங்க” என்று சொன்னால் அக்கா ஷீட்டில் குறித்துவிடுவார். நேரம் குறித்த பதிவு ஷீட்டைத் திரும்பிப் பார்க்காது, அது பாட்டுக்கு ஏழு மணிக்குப் போய்விடும். அனுமதி இருக்கிறதா என்பதைப் போடுகிற அந்த நிமிடத்தில்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே போன படமென்றால் `postedId`-ஐ வைத்துப் பதிவைத் தேடிக் கையால் நீக்கிவிட்டு, எந்தத் தேதியில் நீக்கினோம் என்று எழுதிவைக்க வேண்டும்.

புதுக்கோட்டையில் இன்னொன்றும் உண்டு. தீபாவளி நெருங்கியதும் அதே படத்தைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் அடிக்கலாமே என்று தோன்றும். ‘P-0147 சரி’ என்றவர் இன்ஸ்டாகிராமுக்குத்தான் சரி சொன்னார். ஃபிளெக்ஸுக்கு வேறு கட்டம், வேறு கேள்வி. ஏற்றிய பதிவை ஒரு நிமிடத்தில் நீக்கலாம். ஃபிளெக்ஸை இறக்க ஏணியும் ஆளும் பிடித்தாக வேண்டும்.