பழுதான பஸ்ஸில் ஒரு சிரிப்புப் பாட்டு

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பில் கவனயீர்ப்புப் போராட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு வன்னிக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று மரதன்கடவலைக்கு அருகில் பழுதாகி நின்றுவிட்டது. அப்போது இரவு பத்தரை மணி இருக்கும். ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. சாரதி முச்சக்கரவண்டி ஒன்றை மறித்து மெக்கானிக்கைத் தேடிப் போனார். பஸ்ஸுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட அம்மாமார் இருந்தார்கள். எல்லோரும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள். செய்தி சேகரிக்க அவர்களோடு போயிருந்தேன் நான்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய அந்தத் தொடர் போராட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தவர்களும் அந்தப் பஸ்ஸில் இருந்தார்கள். அன்றைய பகல் முழுவதும் வெயிலில் நின்றிருந்தார்கள். வழமைபோல எவரும் பதில் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிட்ட பணிசுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. அறிமுகமில்லாத இடம், இருட்டு, தெருவால் போகும் லொறிகளின் வெளிச்சம். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு பஸ்ஸுக்குள் யாரும் கதைக்கவே இல்லை.

எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அந்த இரவில் நான் செய்த இரண்டு பிழைகளையும், ஒரு அம்மா செய்த ஒரு சரியான காரியத்தையும் பற்றியே இங்கே எழுதுகிறேன். சிரிப்புப் பாட்டு என்பது எல்லா இடத்திலும் ஒரேமாதிரி வேலை செய்வதில்லை. யார் கேட்கிறார்கள், யார் பாடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது மருந்தாகவோ காயமாகவோ ஆகிறது.

முதலாவது பிழை கைத்தொலைபேசி. அதில் சில நகைச்சுவைப் படப்பாட்டுகளைச் சேமித்து வைத்திருந்தேன். சத்தத்தைக் கூட்டிப் போட்டேன். முன்சீற்றில் இருந்த ஒரு அம்மா மரியாதைக்காகச் சற்றுத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். சினிமாவின் சிரிப்புப் பாட்டுகளில் பெரும்பங்கு கண்ணுக்கானது. சந்திரபாபு உடம்பை வளைத்து ஆடுவதைப் பார்க்கும்போது வருகிற சிரிப்பு, இருட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் பாட்டை மட்டும் கேட்கும்போது வராது. அதைவிடப் பெரிய சிக்கல், தொலைபேசி பாடினால் மற்றவர்கள் எல்லோரும் கேட்பவர்களாகவே இருந்துவிடுவார்கள். களைத்துப்போன ஒருவர் கேட்டுக்கொண்டே தன் யோசனைக்குள் திரும்பிப் போய்விடலாம். வாய் திறந்து பாடும்போது அப்படிப் போவது கடினம், அடுத்த அடிக்கு மூச்சை எடுக்கவேண்டும்.

சரி, நானே பாடுவோம் என்று நினைத்தேன். இரண்டாவது பிழை அதுதான். எங்கள் ஊர்ப் பாட்டு, எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, கைதட்டுவதற்கும் இலகுவானது என்று நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யைத் தொடங்கினேன். உரும்பிராய்க்காரரான நித்தியின் பொப் பாட்டுகள் இல்லாமல் எங்கள் ஊர்களில் ஒரு கலியாண வீடோ பாடசாலைச் சுற்றுலாவோ நடந்ததில்லை. பகிடியான பாட்டுத்தான். ஆனால் அது எப்படித் தொடங்குகிறது என்பதை, வாயைத் திறந்த பிறகுதான் நான் நினைத்துப் பார்த்தேன். ஒரு மாமியிடம், உன் மகள் எங்கே என்று கேட்பதுதான் அதன் முதல் கேள்வி.

அரை அடியோடு நிறுத்திவிட்டேன். நிறுத்தியதுதான் இன்னும் மோசமாகிப் போனது, ஏனென்றால் மிச்சம் எல்லோருக்கும் பாடம். பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அதைத்தானே தம்பி நாங்களும் இவ்வளவு காலமாக் கேட்டுக்கொண்டு திரியிறம். நீயும் எங்களையே கேட்டா என்ன செய்யிறது?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். உண்மையான சிரிப்பு. அதே நேரத்தில் நடுச்சீற்றில் இருந்த ஒரு அம்மா எழுந்து, சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கிப் போனார். இரண்டும் ஒரே பாட்டால், ஒரே நிமிடத்தில் நடந்தவை. பகிடிப் பாட்டுகளின் சொற்களை நாங்கள் கவனிப்பதில்லை. மெட்டு துள்ளுவதால் சொல்லும் துள்ளுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். தாயும் பிள்ளையும், பயணம் போனவர், திரும்பி வராதவர், வாசலில் காத்திருப்பவள் என்று இவையெல்லாம் துள்ளல் பாட்டுகளுக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. பைலாப் பாட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னர் ஒரு அம்மா சொன்னார், காவலரணில் நின்ற படையினர் தகரத்தில் தட்டிப் பைலா பாடுவதைக் கேட்டு வளர்ந்தது தன்னுடைய கடைசி மகள், இப்போதும் அந்தத் தாளம் கேட்டால் அவளுக்கு வயிறு பிசையும் என்று.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் இருந்தபோதுதான், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெரியம்மா, எவரையும் பார்க்காமல், தாழ்ந்த குரலில் ஒரு பாட்டை எடுத்தார். பாடினார் என்று சொல்வதைவிடப் புறுபுறுத்தார் என்று சொல்லலாம். 1957இல் வந்த ‘மாயாபஜார்’ படத்தின் ‘கல்யாண சமையல் சாதம்’. எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன், கலியாண வீட்டுச் சமையற்கட்டுக்குள் தனியே புகுந்து, விருந்து முழுவதையும் தின்று தீர்க்கும் பாட்டு. குரல் திருச்சி லோகநாதனுடையது. பணிசோடு இருந்த முப்பது பேருக்கு நடுவில் சாப்பாட்டுப் பட்டியல்! முதலில் பக்கத்தில் இருந்தவர், “சும்மா இரணை, வயிறு பத்தியெரியுது” என்றார். அடுத்த அடியில் அவரும் சேர்ந்துகொண்டார்.

இந்தப் பாட்டு ஏன் எடுபட்டது என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். அதில் காதலரில்லை, தாயில்லை, பிரிவில்லை. எவரையும் நிறத்துக்காகவோ உடம்புக்காகவோ கேலி செய்யவும் இல்லை. ஒரு பெரிய உருவம், அதற்குப் பெரிய பசி, அவ்வளவுதான். சுருதியும் தாழ்வு. வயதான பெண்கள் சேர்ந்து பாடத் தொடங்கும் இடத்தில் உயரமான குரலில் எடுத்தால், சரணத்துக்கு வரும்போது குரல் உடைந்து, எல்லோரும் வெட்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். பெரியம்மா கிட்டத்தட்டக் கதைக்கும் சுருதியில்தான் தொடங்கினார். இசைச் சிகிச்சை செய்பவர்களிடமும் இப்படி ஒரு நடைமுறை உண்டு. சோர்ந்தவரிடம் துள்ளல் இசையோடு போகாமல், அவருடைய மனநிலைக்குக் கிட்டவாகத் தொடங்கி, மெதுமெதுவாகத் தூக்குவார்கள். பெரியம்மா அதைப் படித்தவர் அல்ல. களைப்பில் அவருக்கு வந்த குரல் அதுதான்.

ஆனால் முக்கியமான காரணம் வேறு. அந்தப் பாட்டில் சிரிப்பே ஒரு பகுதி. வரிகளுக்கு நடுவில் கடோத்கஜன் தாளத்தோடு சிரிக்கிறான். வரி தெரியாதவரும் அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். முதல் தடவை இரண்டு பேர்தான் சிரித்தார்கள், பாட்டுக்காக, பொய்யாக. மூன்றாவது தடவை பஸ்ஸின் பின்வரிசை வரைக்கும் போய்விட்டது. பொய்ச் சிரிப்பு எந்த இடத்தில் மெய்யானதென்று எவருக்கும் தெரியாது. சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் றொபேட் புறொவைன், மனிதர் தனியே இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவரோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டவர். சிரிப்பைத் தொடக்குவது பெரும்பாலும் பகிடி அல்ல, பக்கத்து ஆளின் சிரிப்பு.

இந்தப் பெண்களுக்கு அதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. பிள்ளையைத் தொலைத்த தாய் சிரிப்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. “பிள்ளையைக் காணேல்லை எண்டு அழுதுகொண்டு திரிஞ்சவ, இப்ப சிரிக்கிறா” என்ற கதை அவர்களில் பலருக்கு முகத்துக்கு நேரேயே சொல்லப்பட்டிருக்கிறது. பாட்டுக்குள் இருக்கும் சிரிப்புக்கு அந்தப் பழி இல்லை. அவ சிரிக்கவில்லை, பாடுகிறா.

ஊருக்கு வந்த பிறகு அந்தப் பாட்டின் பூர்வீகத்தைத் தேடினேன். தமிழுக்கு முன்னர் அது தெலுங்கில் ‘விவாஹ போஜனம்பு’. அந்த மெட்டு அதற்கும் முந்தைய ஒரு தெலுங்கு இசைத்தட்டிலிருந்து வந்தது என்றும், அதற்கு மூலம் 1922இல் சார்ள்ஸ் பென்றோஸ் என்ற ஆங்கிலேயர் பாடிய ‘சிரிக்கும் பொலிஸ்காரன்’ என்றும் சொல்கிறார்கள். பென்றோஸின் மெட்டோ ஜோர்ஜ் டபிள்யூ. ஜோன்சன் 1890களில் பாடிப் பதிவுசெய்த ‘சிரிப்புப் பாட்டி’லிருந்து எடுக்கப்பட்டது. ஜோன்சன், அடிமை முறை இருந்த காலத்தில் வேர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். அந்த நாட்களில் ஒரு பதிவைப் பல பிரதிகளாக எடுக்கும் வசதி இருக்கவில்லை. ஆகவே அதே பாட்டை, அதே சிரிப்போடு, திரும்பத் திரும்பப் பாடவேண்டியிருந்தது. ஒரு நாளில் எத்தனையோ தடவை கூலிக்குச் சிரித்த ஒரு மனிதனின் சிரிப்பு, கடல்கள் தாண்டி, கடோத்கஜனாகி, மரதன்கடவலை இருட்டில் முல்லைத்தீவுப் பெரியம்மாவின் வாயில் வந்திருக்கிறது.

அந்தப் பெரியம்மாவுக்கு அது எப்படிப் பாடம்? கேட்டேன். படம் பார்த்ததில்லையாம். இலங்கை வானொலியில் கேட்டது. பிறகு மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்திலும் கேட்டது. மிதிப்பது மகனின் வேலை. “பெடல் அடிச்சுக் களைச்சா பாட்டு இழுபடும். கடோத்கஜன் நித்திரை தூங்கிற மாதிரி இருக்கும்” என்று சொல்லி அவரே சிரித்தார். அந்த மகனைத் தேடித்தான் அவர் பஸ்ஸில் இருந்தார்.

இடையில் எவரும் கேட்காமலே என்.எஸ். கிருஷ்ணனும் வந்து சேர்ந்தார். ‘ராஜா ராணி’யில் (1956) விதவிதமான சிரிப்புகளை அவர் சிரித்துக் காட்டும் பாட்டு, இருட்டுக்கும் ஏற்றது, ஏனென்றால் அதைப் பார்க்கவேண்டியதில்லை. பாட்டின் வரிகளில் வாக்குவாதம் தொடங்கியது. “அப்படியில்லையணை, மற்ற வரி முதல்” என்று ஒருவர் திருத்தினார். ஒரு கூட்டம் சோர்விலிருந்து எழுந்துவிட்டதா என்று பார்க்க, சிரிப்புச் சத்தத்தைவிட நம்பகமான அடையாளம் இந்தத் திருத்தல்தான். மற்றவர் பிழையாகப் பாடுவது ஒருவருக்குப் பொறுக்கவில்லை என்றால் அவர் திரும்பி வந்துவிட்டார்.

அரை மணித்தியாலம்தான் நடந்திருக்கும். பிறகு பாட்டு தானாகவே நின்று கதையாக மாறியது. நான் இன்னொன்றைத் தொடக்கப் பார்த்தேன், பக்கத்திலிருந்த அக்கா கையால் அடக்கினார். அவர் சரி. சிரித்துக் களைத்த கூட்டத்தை மேலும் சிரிக்க வைக்கப்போனால் அது அலுப்பாகி, முன்னிருந்ததைவிடக் கனத்த அமைதியில் போய் முடியும்.

இறங்கிப் போன அம்மா திரும்பி வந்து தன் இடத்தில் இருந்தார். அவர் பாடவில்லை. எவரும் பாடச் சொல்லவுமில்லை. ஒருவர் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். “நீ என்ன தெரிஞ்சோ பாடினனீ” என்றார். அதற்குமேல் கதைக்க அவர் விரும்பவில்லை.

கமரா என் மடியில்தான் இருந்தது. முப்பது அம்மாமார் ஒன்றாகச் சிரிக்கும் காட்சி இலகுவில் கிடைப்பதல்ல. ஆனால் அந்தப் படம் முகநூலுக்குப் போனால் அதற்குக் கீழே என்ன எழுதப்படும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பெரியம்மா பாட்டைத் தொடங்கும் முன்னரே என் பக்கம் பார்த்து, கையால் கமராவைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டியிருந்தார்.

மெக்கானிக் மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தார். மதவாச்சி தாண்டும்போது அநேகர் நித்திரை. விடியப்புறம் பெரியம்மா பையைத் தூக்கிக்கொண்டு தன் சந்தியில் இறங்கும்போது, திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“தம்பி, அந்தப் பாட்டில எனக்குக் கடைசிப் பகுதி பிடிபடேல்லை. அடுத்த முறை வரேக்க எழுதிக்கொண்டு வா.”