"நாங்க ஆர்டரே சொல்லலையே!"

மதுரையில் பைப், ஃபிட்டிங்ஸ் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை. உசிலம்பட்டிப் பக்கம் உள்ள ஒரு சில்லறைக் கடைக்கு நாலு இஞ்ச் பைப் 20, எல்போ 30 ஏற்றிய குட்டி யானை போய் நிற்கிறது. பில் வரியோடு ஏறக்குறைய 25,000 ரூபாய். அங்கிருந்து கடைக்காரர் கூப்பிடுகிறார்: "யாரு சொன்னா இதை அனுப்பச் சொல்லி? நாங்க ஆர்டரே சொல்லலையே!" போனில் ஆர்டர் எடுத்த தம்பி வெளியே வசூலுக்குப் போயிருக்கிறார். போனை எடுத்தவர் நீங்கள். இப்படி ஒரு நிலையை வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில் பெரும்பாலான கடைகளில் வாயில் முதலில் வருவது, "இல்லண்ணே, நீங்கதான் தம்பிகிட்ட சொன்னீங்க" என்பதுதான். பேச்சு அங்கேயே கெட்டுவிடுகிறது. அந்த உரையாடலை நீங்கள் கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்லி, எதிரில் இருப்பவரைப் பொய்யர் ஆக்குகிறீர்கள். உடனே மன்னிப்புக் கேட்டு, "தம்பி தப்பா எழுதிட்டான்" என்பதும் அதே அளவு தவறு. விசாரிக்காமல் உடன் வேலை செய்பவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, பிறகு ஆர்டர் உண்மை என்று தெரிந்தால் அந்தச் சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணே, சரக்கை இறக்க வேண்டாம். வண்டி அரை மணி நேரம் நிக்கட்டும். நான் விசாரிச்சுட்டு கூப்பிடுறேன். உங்க கடையிலிருந்து வேற யாராவது எங்ககிட்ட பேசியிருப்பாங்களா?" அந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. நம் பக்கம் ஆர்டர் எடுத்தவர் ஒருவர், இப்போது பேசுபவர் இன்னொருவர். அவர் பக்கமும் அதேபோல மகனோ, மச்சானோ, கடையில் வேலை பார்ப்பவரோ கூப்பிட்டிருக்கலாம். குற்றம் சாட்டாமலே அந்தக் கதவைத் திறந்து வைக்கிறோம்.

அடுத்து, ஆர்டர் எடுத்த தம்பியைக் கூப்பிட வேண்டும், வாடிக்கையாளர் கேட்காதபடி. "அவர் ஆர்டர் சொன்னாரா, இல்லையா?" என்று கேட்டால், மாட்டிக்கொண்டோம் என்ற பயத்தில் யாராக இருந்தாலும் "சொன்னார்" என்றுதான் சொல்வார்கள். "அவர் பேசினதை அப்படியே சொல்லு" என்று கேளுங்கள். விலை விசாரிப்புக்கும் ஆர்டருக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பதிலில் தெரிந்துவிடும். ஆர்டர் சொல்பவர் என்றைக்கு வேண்டும் என்பார், எந்த வண்டியில் வரும் என்று கேட்பார், டிஸ்கவுன்டுக்கு இழுப்பார், பணம் எப்போது என்று பேசுவார். "புது வீட்டுக்கு பாத்ரூம் லைன், சனிக்கிழமை ஆள் வருது" என்பது போல ஒரு விவரம் தம்பியின் நினைவில் இருந்தால், அது அவர் இட்டுக்கட்டக்கூடியது அல்ல. அதற்கு மாறாக, "ரேட் கேட்டார், 20 இருக்கான்னு கேட்டார், எடுத்து வைங்கன்னார்" என்பது மட்டும் வந்தால், அது ஆர்டர் ஆகாமலும் போயிருக்கலாம். எடுத்து வைக்கச் சொன்னவர், மறுபடி கூப்பிட்டு உறுதி சொல்லலாம் என்று நினைத்திருப்பார். தம்பி அனுப்பச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை.

கூடவே போனின் அழைப்புப் பட்டியலையும் பாருங்கள். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததா, எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று தெரியும். ஆனால் பேச்சு நடந்தது என்பதற்குத்தான் அது சான்று, என்ன பேசினார்கள் என்பதற்கு அல்ல. அழைப்பே வரவில்லை என்றால், அநேகமாக வேறு ஊரில் அதே சாமி பெயரில் இருக்கும் கடையின் ஆர்டர் இந்தக் கடைக்கு ஏறியிருக்கும். அளவு தவறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இரைச்சலான கடையில் போனில் 'ஆறு' என்பது 'நூறு' என்று விழும். ஒன்னேகால் இஞ்சும் ஒன்றரை இஞ்சும் குழம்பும்.

இனி திரும்பக் கூப்பிடும்போது, கிடைத்த விவரத்தை நினைவூட்டலாகச் சொல்ல வேண்டும், ஆதாரமாக வீச வேண்டாம். "அண்ணே, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்க நம்பர்லேருந்து ஒரு கால் வந்திருக்கு. சனிக்கிழமை பாத்ரூம் லைன் வேலைன்னு தம்பிக்கு ஞாபகம். உங்க வீட்டுத் தம்பி பேசியிருப்பாரோ?" பல சமயம் இங்கே முடிச்சு அவிழ்ந்துவிடும். "இருங்க, பையனைக் கேக்குறேன்" என்பார். அவருக்கு முகம் கோணாமல் திரும்பி வர ஒரு வழி வேண்டும், அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

வேண்டுமென்றே மறுப்பவர்களும் இல்லாமல் இல்லை. மூலப்பொருள் விலையோடு பைப் விலையும் ஏறி இறங்குவது. ஆர்டர் சொன்ன பிறகு விலை இறங்கினாலோ, அவருடைய கட்டட ஒப்பந்தக்காரர் வேலையைத் தள்ளிப் போட்டாலோ, "சொல்லவே இல்லை" என்பது சுலபமான வழி. அப்படிப்பட்டவர் பேச்சோடு பேச்சாக இன்றைய ரேட்டைக் கேட்பார். அப்போது ஆர்டர் உண்டா இல்லையா என்று வாதாடிப் பயனில்லை. விலைதான் சிக்கல் என்றால் விலையைப் பேசுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். போனில் ஏற்பட்ட ஒப்பந்தத்தை உச்ச நீதிமன்றம் 1965-லேயே ஒரு வழக்கில் விசாரித்து, ஏற்புச் சொல் எந்த இடத்தில் கேட்கப்படுகிறதோ அங்கே ஒப்பந்தம் உருவாகிறது என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, போன் ஆர்டர் செல்லும். நிரூபிக்க வேண்டியது மட்டும் நம் பொறுப்பு. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: வாங்கியவர் சரக்கிலிருந்து ஒரு பகுதியை விற்றாலோ, வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாகவே பொருள். எனவே முடிவாகும்வரை அவர் கடையில் இறக்கி வைக்க நேர்ந்தால், சலானில் "ஆர்டர் உறுதியாகவில்லை, விற்பனைக்கு அல்ல" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

நம் உதாரணத்தில் செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது உண்மை, பேசியது "எடுத்து வைங்க" வரைதான் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை போக 2,000, திரும்ப 2,000. சரக்கைத் திருப்பினால் 4,000 ரூபாய் போச்சு. இந்தச் சரக்கில் நிற்கும் லாபம் அதைத் தாண்டுமா என்பதே சந்தேகம். அதனால் நான் முதலில் கேட்பது, எவ்வளவு அவரால் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை. பத்துப் பைப்பும் எல்போ முழுவதும் வைத்துக்கொண்டு, பணத்துக்கு ஒரு மாதம் கூடுதல் தவணை வாங்கிக்கொள்வார். மிச்சப் பத்துப் பைப்பை அதே வழியில் இருக்கும் இன்னொரு கடைக்கு, முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டு, தள்ளிவிடலாம். எதுவும் முடியாவிட்டால் திருப்பி எடுத்து வருவதே சரி. உறுதி வாங்காமல் அனுப்பியது நாம், அந்த வாடகையை அவர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. தம்பியின் சம்பளத்தில் பிடிப்பது அதைவிட மோசம். பிறகு எந்தத் தவறையும் அவர் உங்களிடம் சொல்ல மாட்டார்.

ஆர்டர் எடுப்பவர் போனை வைக்கும் முன், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். பேசுபவர் பெயரையும் கேட்டு எழுத வேண்டும். பிறகு கடைக்காரரின் எண்ணுக்கு ஒரு வாட்ஸ்அப்: "அண்ணே, 4 இஞ்ச் பைப் 20, எல்போ 30. வெள்ளி மாலை வண்டி. சரின்னு ஒரு வார்த்தை போடுங்க." பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டியில் ஏற்றும் முன் கூப்பிட்டே ஆக வேண்டும்.

சரக்கு திரும்பி வந்துவிட்டால், அன்றைக்கே கிரெடிட் நோட் போட்டு அவருக்கு அனுப்பிவிடுங்கள். மாதம் முடிந்து ஜி.எஸ்.டி. கணக்கில் வாங்காத சரக்குக்கு ஒரு பில் தன் பெயரில் நிற்பதைப் பார்த்து, அவர் இரண்டாம் முறை கூப்பிடும்படி விடாதீர்கள்.